ரூ.1,499-க்கு 72 பரிசோதனையா? புத்தாண்டு ஹெல்த் செக்கப் விளம்பரத்தை பயமில்லாமல் படிப்பது எப்படி? முழு விளக்கம்

ஜனவரி பிறந்துவிட்டால் புது காலண்டரோடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் வந்து விழும் இன்னொரு விஷயம், ஹெல்த் செக்கப் பேக்கேஜ் விளம்பரம். "புத்தாண்டு சிறப்புச் சலுகை, ரூ.6,000 மதிப்புள்ள 72 பரிசோதனைகள் வெறும் ரூ.1,499" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் படமும், "உங்களுக்குள்ளேயே ஒரு எமன் ஒளிந்திருக்கலாம்" என்ற மாதிரி ஒரு வாசகமும் இருக்கும்.

இதைப் பார்த்ததும் சிலர் பதறிப்போய் குடும்பத்தில் எல்லோருக்கும் புக் செய்கிறார்கள். சிலர் "எதையாவது சொல்லிடுவாங்க, எதுக்கு வம்பு" என்று போனை மூடிவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் பயம்தான். விளம்பரத்தில் உள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வருவதெல்லாம் நோயா, பயமுறுத்தாமல் இதே விளம்பரத்தை எழுத முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் ஜனவரியில் இவ்வளவு விளம்பரம்?

புத்தாண்டு உறுதிமொழி எடுக்கும் நேரம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வருமான வரி. வரிச் சட்டத்தின் 80டி பிரிவு, நோய்த் தடுப்புக்கான உடல் பரிசோதனைச் செலவில் ஆண்டுக்கு ரூ.5,000 வரை கழிவு கேட்க அனுமதித்து வந்திருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால், ஜனவரி முதல் மார்ச் வரை இந்தச் செலவைச் செய்ய நினைப்பவர்கள் அதிகம்.

இதில் இரண்டு விஷயங்களை விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒன்று, இந்த ரூ.5,000 தனிச் சலுகை கிடையாது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான மொத்த வரம்புக்குள்ளேயே இது அடங்கும். இரண்டு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கழிவு. புதிய வரி முறைக்கு மாறியவர்கள் "வரி மிச்சம்" என்று நம்பி பேக்கேஜ் எடுத்தால், வரியில் எதுவும் குறையாது.

72 பரிசோதனை என்றால் 72 முறை ரத்தம் எடுப்பார்களா?

இல்லை. கையில் ஒரு முறை ஊசி குத்தி, மூன்று டியூப்களில் ரத்தம் எடுப்பார்கள். கூடவே ஒரு டப்பாவில் சிறுநீர். அவ்வளவுதான். பிறகு 72 எங்கிருந்து வருகிறது?

ஊதா மூடி போட்ட டியூபில் உள்ள ரத்தத்தை மெஷினில் வைத்தால், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், தட்டணுக்கள் என சுமார் 24 எண்கள் ஒரே அச்சில் வரும். மருத்துவர் இதை 'சிபிசி' என்று ஒரே டெஸ்ட்டாகத்தான் எழுதுவார். விளம்பரத்தில் அது 24 டெஸ்ட். கல்லீரலுக்கு 11, சிறுநீரகம் மற்றும் உப்புகளுக்கு 7, கொழுப்புக்கு 8, சர்க்கரைக்கு 3, தைராய்டுக்கு 3, சிறுநீருக்கு 16 என்று கூட்டினால் 72 வந்துவிடும். இது ஒரு மாதிரிக் கணக்கு. லேப்புக்கு லேப் எண்ணிக்கை கொஞ்சம் மாறும், ஆனால் எண்ணுகிற விதம் இதுதான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த 72-ல் பல எண்களை மெஷின் அளப்பதே இல்லை, கணக்குப் போட்டு எழுதுவதுதான். கொழுப்பு டெஸ்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். பல லேப்களில் உண்மையில் அளக்கப்படுவது மொத்த கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைட், ஹெச்.டி.எல் என்ற மூன்று மட்டும். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் வி.எல்.டி.எல். மொத்தத்தில் இருந்து ஹெச்.டி.எல்லையும் வி.எல்.டி.எல்லையும் கழித்தால் எல்.டி.எல். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 'விகிதம்'. இப்படி மூன்று எட்டாகிவிடுகிறது.

கல்லீரல் டெஸ்ட்டிலும் இதே கதைதான். மொத்தப் புரதத்தில் அல்புமினைக் கழித்தால் குளோபுலின். அது விளம்பரத்தில் தனி டெஸ்ட். மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டோடு வரும் 'சராசரி குளுக்கோஸ்' என்பதும் ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்த எண்தான்.

இதில் மோசடி எதுவும் இல்லை. அந்த எண்கள் மருத்துவருக்குப் பயன்படும். ஆனால் "அங்கே 72, இங்கே 91, அப்போ இதுதான் பெஸ்ட்" என்று முடிவு செய்வதில் அர்த்தம் இல்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தெந்த உறுப்புக்கான டெஸ்ட் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

தடித்த எழுத்தில் வந்தால் நோயா?

பெரும்பாலானோர் பயப்படுவது இந்த இடத்தில்தான். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு 'நார்மல் அளவு' இருக்கும். பல டெஸ்ட்டுகளுக்கு அந்த அளவு எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமாக இருக்கும் நிறைய பேரைப் பரிசோதித்து, அவர்களில் நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் எண்களை 'நார்மல்' என்று வைக்கிறார்கள். அதாவது, எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள்.

ஒரு டெஸ்ட் என்றால் 20-ல் ஒரு வாய்ப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கு ஏதாவது ஒன்றாவது கோட்டைத் தாண்ட சுமார் 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. டெஸ்ட் கூடக்கூட, ஒன்றுமே இல்லாதவருக்கும் 'ஏதோ ஒன்று' தடித்த எழுத்தில் வருவது சகஜம்.

ஒரு கற்பனை உதாரணம். கரூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் 38 வயதுக்காரர். உட்கார்ந்தே வேலை, அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஜனவரி 3-ம் தேதி பேக்கேஜ் எடுக்கிறார். ரிப்போர்ட்டில் எட்டு எண்கள் தடித்த எழுத்தில் வருகின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. ஹெச்பிஏ1சி 5.8. ட்ரைகிளிசரைட் 178. வி.எல்.டி.எல் 35.6. ஹெச்.டி.எல் 38. எல்.டி.எல் 122. கொலஸ்ட்ரால் விகிதம் 5.2. தைராய்டுக்கான டி.எஸ்.எச் 5.1.

"எட்டு பிரச்சினையா?" என்று வீட்டில் எல்லோரும் ஆடிப்போவார்கள். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் இருப்பது மூன்று விஷயங்கள்தான்.

முதல் விஷயம் சர்க்கரை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இவருக்கு இரண்டு டெஸ்ட்டும் ஒரே திசையில் கை காட்டுகின்றன, குடும்பத்திலும் நோய் இருக்கிறது. இந்தச் செக்கப்பில் அவருக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான். இப்போது உணவு, நடை, எடை மூன்றையும் கவனித்தால் சர்க்கரை நோய் வருவதைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது கொழுப்பு. ஐந்து எண்கள் தடித்திருந்தாலும் அவை எல்லாம் மூன்றே அளவீடுகளில் இருந்து பிறந்தவை. ட்ரைகிளிசரைட் ஏறியதால் வி.எல்.டி.எல் தானாக ஏறியது. ஹெச்.டி.எல் குறைந்ததால் விகிதம் தானாக ஏறியது. இன்னொன்றும் இருக்கிறது: புத்தாண்டு இரவு விருந்தும் மதுவும் ட்ரைகிளிசரைடைக் கூட்டக்கூடியவை. அதனால் மருத்துவர் முதலில் "டிசம்பர் 31 எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டு, சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லலாம்.

மூன்றாவது தைராய்டு. டி.எஸ்.எச் கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது, மற்ற தைராய்டு எண்கள் சரியாக இருக்கின்றன. இந்த மாதிரி நிலையில் இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வழக்கம். பலருக்கு அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து ஆயுள் முழுக்க மாத்திரை என்று யாராவது சொன்னால், இரண்டாவது கருத்து கேட்பது நல்லது.

வேடிக்கை என்னவென்றால், இவருக்கு ரத்த அழுத்தம் 138/88 இருந்தது. அது 72-ல் ஒன்றாக எண்ணப்படவே இல்லை. இடுப்புச் சுற்றளவும் அப்படித்தான். 38 வயதில் இதய ஆரோக்கியத்தைப் பற்றி நிறையச் சொல்லும் இரண்டு அளவுகளும் ஊசி, டியூப் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் எடுக்கக்கூடியவை. விளம்பரத்தில் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

பயமுறுத்தும் வரிகள் எப்படி வேலை செய்கின்றன?

விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் உத்திகள் மூன்று.

முதலாவது, முழு எண்ணைச் சொல்லாமல் 'மடங்கு' சொல்வது. "உங்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு" என்று வரும். ஆயிரத்தில் 2 பேருக்கு வருவது 4 பேருக்கு வந்தாலும் இரண்டு மடங்குதான். ஆனால் மீதி 996 பேருக்கு எதுவும் இல்லை என்பது அந்த வரியில் தெரியாது. 'எத்தனை பேரில் எத்தனை பேர், எந்த வயதில், எத்தனை வருடத்தில்' என்று சொல்லாத எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, குற்ற உணர்வு. "குடும்பத்தை நேசிக்கிறீர்களா? அப்படியானால் இன்றே வாங்க" என்பது இந்த வகை. செக்கப் எடுக்காத அப்பா, பாசம் இல்லாத அப்பா என்று சொல்லாமல் சொல்லும் வரி.

மூன்றாவது, அவசரம். "இன்று நள்ளிரவு வரை மட்டும்" என்று கவுன்ட்டவுன் ஓடும். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவருக்கு செக்கப் இன்று எடுப்பதற்கும் அடுத்த மாதம் எடுப்பதற்கும் மருத்துவ ரீதியாகப் பெரிய வித்தியாசம் இல்லை. அவசரம் விற்பனைக்குத்தான்.

பயம் காட்டினால் ஆட்கள் வருவார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. 1992-ல் கிம் விட்டே என்ற தகவல் தொடர்பு ஆய்வாளர் முன்வைத்த கோட்பாடு இதைப் பற்றியது. பயத்தோடு கூடவே 'இதற்கு நான் செய்யக்கூடிய சுலபமான வழி இது' என்ற நம்பிக்கையும் கிடைத்தால்தான் மக்கள் செயலில் இறங்குவார்கள். வழி தெரியாமல் பயம் மட்டும் கூடினால், அந்தச் செய்தியையே தவிர்ப்பார்கள் என்கிறது அது. "எதுக்கு வம்பு" என்று போனை மூடியவர் அதைத்தான் செய்தார்.

அதே விளம்பரத்தை மாற்றி எழுதினால்?

பழைய விளம்பரம் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: "மாரடைப்பு சொல்லிக்கிட்டு வராது! உங்களுக்குள் ஒளிந்திருக்கும் எமனைக் கண்டுபிடியுங்கள். 72 பரிசோதனை, ரூ.6,000 இல்லை, வெறும் ரூ.1,499. இன்று மட்டும்!"

அதே மருத்துவமனை, அதே விலையில், இப்படியும் எழுதலாம்:

"30 வயதைத் தாண்டிவிட்டீர்களா? ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்து ரொம்ப நாளாகிவிட்டதா? ஜனவரி மாதம் முழுவதும் ரூ.1,499-க்குப் பார்த்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம், எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்த அணுக்கள், சிறுநீர் பரிசோதனை அடங்கும். ரிப்போர்ட்டை மருத்துவர் 15 நிமிடம் உட்கார்ந்து விளக்குவார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் வரவும், தண்ணீர் குடிக்கலாம். இது எல்லா நோய்களையும் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. ஏற்கெனவே சர்க்கரை, பி.பி.க்கு சிகிச்சையில் இருப்பவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தால் செக்கப்புக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவும்."

வித்தியாசம் என்ன? யாருக்கு, என்னென்ன, எவ்வளவு, எப்படித் தயாராக வேண்டும், யார் விளக்குவார், எதைக் கண்டுபிடிக்காது என்று ஆறு கேள்விக்கும் பதில் இருக்கிறது. "யாருக்கு வேண்டாம்" என்ற வரியையும் சேர்த்திருக்கிறார்கள். சிகிச்சையில் இருக்கும் ஒருவர் போன மாதம் எடுத்த அதே டெஸ்ட்டை மறுபடி காசு கொடுத்து எடுக்காமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

செக்கப் எடுத்தால் ஆயுள் கூடுமா?

நேர்மையான விளம்பரம் இந்த இடத்தில் அடக்கி வாசிக்க வேண்டும். பொதுவான உடல் பரிசோதனைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகள் அதில் இருந்தன. செக்கப்புக்கு அழைக்கப்பட்டவர்களுக்கும் அழைக்கப்படாதவர்களுக்கும் இடையே மொத்த இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை, அல்லது மிகக் குறைவு என்பதுதான் முடிவு.

அப்படியானால் செக்கப்பே வீண் என்று அர்த்தமா? இல்லை. எல்லாவற்றையும் ஒரே வலையில் அள்ளும் செக்கப்பைப் பற்றிய முடிவு அது. குறிப்பிட்ட வயதில், குறிப்பிட்ட நோய்க்கான பரிசோதனை வேறு. இந்தியாவில் அரசின் தொற்றா நோய்த் திட்டம் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேர்ந்தெடுத்திருப்பது ஐந்து விஷயங்களை: ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய். இவற்றை ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமல் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கான மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்காக வந்தது.

பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். 72 டெஸ்ட் உள்ள பேக்கேஜில் இந்த ஐந்தில் மூன்று புற்றுநோய்ப் பரிசோதனைகளும் இருக்காது. வாயைத் திறந்து பார்ப்பது, மார்பகப் பரிசோதனை, கருப்பைவாய்ப் பரிசோதனை எல்லாம் ரத்த டியூபில் வராது.

'பிளாட்டினம்' பேக்கேஜில் கூடுதலாக என்ன?

விலை கூடிய பேக்கேஜ்களில் 'கேன்சர் மார்க்கர்' என்று சி.ஏ.125, சி.இ.ஏ போன்ற ரத்தப் பரிசோதனைகள் சேர்க்கப்படும். இவை முக்கியமாக, ஏற்கெனவே புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களுக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று கண்காணிக்கப் பயன்படுபவை. அறிகுறியே இல்லாதவர்களிடம் தேடிப் பார்க்க இவை ஏற்றவை அல்ல. உதாரணத்துக்கு, மாதவிடாய் நேரத்தில்கூட சி.ஏ.125 கூடலாம். புகைபிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ கூடலாம். எண் கூடினால் ஸ்கேன், அதற்குப் பிறகு இன்னொரு ஸ்கேன் என்று பல வாரங்கள் தூக்கம் போய்விடும். எண் நார்மலாக இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு முதல் முறை ரூ.10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க வழி செய்கிறது. இதன் கீழ் 2022 ஜூனில் வந்த வழிகாட்டு விதிகள், குறைந்த விலையைக் காட்டி இழுத்துவிட்டு அந்த விலையில் சேவையைத் தராமல் இருக்கும் 'தூண்டில் விளம்பரம்' பற்றித் தனியாகவே பேசுகின்றன. போன பிறகு "அந்த ஆஃபர் முடிஞ்சிருச்சு, ரூ.3,999 பேக்கேஜ்தான் இருக்கு" என்று சொன்னால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

புக் பண்றதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

போன் செய்து நான்கு கேள்வி கேட்டால் போதும்.

1. ரிப்போர்ட்டை விளக்கப் போவது மருத்துவரா, இல்லை பி.டி.எஃப் மட்டும் அனுப்புவீர்களா? விளக்கம் இல்லாத 72 எண்களால் பயம்தான் மிஞ்சும்.

2. ரத்த அழுத்தம், எடை, இடுப்பளவு பார்ப்பீர்களா?

3. ஏதாவது கோட்டைத் தாண்டினால், மறுபரிசோதனைக்கு எவ்வளவு? அதை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாமா? "இங்கேதான் எடுக்கணும்" என்று பதில் வந்தால் யோசிக்கலாம்.

4. நான் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா? முடி, நகத்துக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகூட தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டலாம். அதனால் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். புத்தாண்டு விருந்து, பொங்கல் சாப்பாடு முடிந்து ஓரிரு வாரம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு ரத்தம் கொடுத்தால், உங்கள் உடம்பின் அன்றாட நிலை ரிப்போர்ட்டில் தெரியும். "இன்று நள்ளிரவு வரை" என்று ஓடும் கவுன்ட்டவுனுக்காக ஜனவரி 2-ம் தேதியே ஓட வேண்டியதில்லை.